குடிமையியல் கேள்விக்கு இரண்டு வரி பதில்

சமூக அறிவியல் ஒர்க் ஷீட் இப்போதெல்லாம் பல வீடுகளுக்குத் தாளாக வந்து சேருவதில்லை. யாரோ ஒரு பிள்ளை படம் எடுத்து அனுப்ப, அது வகுப்புக் குழுவில் சுற்றி, இரவு எட்டு மணிக்குமேல் நம் கைபேசிக்கு வருகிறது. வரலாறு, பூகோளக் கேள்விகள் என்றால் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டி எப்படியோ விடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். குடிமையியல் வரும்போதுதான் திண்டாட்டம். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். இரண்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு வரியில் பதில் எழுத வேண்டும். கேள்வி சிறியது என்பதால் எளிது என்று நினைத்து, கைடில் உள்ள ஒரு வரியை உருப்போட்டு எழுதிவிட்டு, பாதி மதிப்பெண்ணோடு திரும்பும் பிள்ளைகளை சான்பாடாவில் எங்கள் குடியிருப்பில் நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மாலையில் சில பிள்ளைகள் என்னிடம் படிக்க வருவதுண்டு. அவர்களோடு உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டதை, ஒரே ஒரு ஒர்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது நகர உள்ளாட்சி பற்றிய பாடம். மொத்தம் 10 மதிப்பெண். முதல் பகுதியில் நான்கு வரையறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்: வார்டு, மாமன்ற உறுப்பினர், மாநகராட்சி, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை. இரண்டாம் பகுதியில் மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்.

முதலில் படத்தைப் படியுங்கள்

பதிலை யோசிக்குமுன் படம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாளைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில் வலது ஓரம்தான் முதலில் வெட்டுப்படும். மதிப்பெண் அச்சாகியிருப்பதும் அந்த ஓரத்தில்தான். மதிப்பெண் தெரியாவிட்டால் எத்தனை கருத்து எழுதவேண்டும் என்பதும் தெரியாது. அடுத்து வெட்டுப்படுவது தாளின் கடைசி வரி. மடிப்பு விழுந்த இடத்திலும், விளக்கொளி பட்டு வெளுத்த இடத்திலும், 'ஏதேனும் இரண்டு' என்பது போன்ற சின்னச் சொற்கள் காணாமல் போகும்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி கூட்டிப் பார்ப்பதுதான். நம் ஒர்க் ஷீட்டில் மேலே 10 என்று இருக்கிறது. படத்தில் தெரியும் கேள்விகளைக் கூட்டினால் வரையறைக்கு நான்கும், இரண்டு கேள்விகளுக்கு நான்கும், ஆக 8 மட்டுமே வருகிறது. இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி படத்துக்கு வெளியே நிற்கிறது என்று அர்த்தம். உடனே கேட்டு, மேலிருந்து நேராக எடுத்த இன்னொரு படம் வாங்கிவிடலாம். காலையில் பள்ளிப் பேருந்தில் ஏறும்போது தெரிந்து பயனில்லை.

வரையறை என்றால் என்ன?

ஒரு சொல்லை வரையறுப்பதென்றால் இரண்டு செய்தி சொல்ல வேண்டும். அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது ஒன்று. அதே இனத்தில் அதன் பக்கத்தில் நிற்பவற்றிலிருந்து அது எதனால் வேறுபடுகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் இருந்தால் ஒரு வரி போதும். ஒன்று குறைந்தால் ஒரு பக்கம் எழுதினாலும் போதாது.

தவறு எங்கே வரும் என்பதற்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்ற மூன்றும் பிள்ளைகளின் விடைத்தாளில் நாள்தோறும் காணக்கிடைப்பவை. 'மாநகராட்சி என்பது மாநகரத்தை ஆளும் ஆட்சி' என்று எழுதினால் அது கூறியது கூறல். கேள்வியில் இருந்த சொல்லே பதிலாகத் திரும்பி வந்திருக்கிறது. புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. 'மாநகராட்சி என்பது தண்ணீர் தரும் அமைப்பு' என்பது குன்றக் கூறல். கிராமப் பஞ்சாயத்தும் தண்ணீர் தருகிறதே! மாநகராட்சி தொடங்கிய ஆண்டு, மேயர், பள்ளிக்கூடம், தோட்டம் என்று ஐந்து வரி எழுதுவது மிகைபடக் கூறல். ஒரு மதிப்பெண்ணுக்கு அவ்வளவும் வேண்டாம்.

ஆகவே எழுதிய வரையறையைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இந்த வரி பக்கத்தில் நிற்கும் வேறொன்றுக்கும் பொருந்துகிறதா? பொருந்தினால் இன்னும் ஒரு சொல் சேர்க்க வேண்டும்.

மாநகராட்சி

இந்தச் சோதனைக்கு நவி மும்பை நல்ல இடம். நாம் குடியிருக்கும் இந்த ஊரைத் திட்டமிட்டு, மனை பிரித்து, செக்டர் செக்டராக எழுப்பியது சிட்கோ. அது 1970இல் மாநில அரசு தொடங்கிய நிறுவனம். நவி மும்பை மாநகராட்சி வந்தது 1992 ஜனவரி 1ஆம் தேதி. 'நகரத்தை வளர்ப்பதற்காக அமைக்கப்பட்ட அமைப்பு' என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்த வரி சிட்கோவுக்கும் அப்படியே பொருந்திவிடும். இரண்டையும் பிரிப்பது தேர்தல். சிட்கோவுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை; மாநகராட்சிக்குப் போடுகிறோம். இன்னொரு பக்கத்தில் நகராட்சியும் பஞ்சாயத்தும் நிற்கின்றன. அவற்றுக்கும் தேர்தல் உண்டு. ஆனால் நகராட்சி சிறிய நகரத்துக்கு, பஞ்சாயத்து கிராமத்துக்கு. ஆகவே 'பெரிய' என்ற சொல்லும் 'நகரம்' என்ற சொல்லும் கட்டாயம் வேண்டும்.

இப்போது வரையறை தானாகவே வந்துவிடுகிறது: *மாநகராட்சி என்பது ஒரு பெரிய நகரத்தை நிர்வகிக்கும், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களைக் கொண்ட உள்ளாட்சி அமைப்பு.* இதில் எந்தச் சொல்லை எடுத்தாலும் வேறொன்று உள்ளே நுழைந்துவிடும். எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே செய்வார்கள்.

வார்டு

இந்தச் சொல்தான் மும்பைப் பிள்ளைகளை அதிகம் குழப்புகிறது. காரணம், இங்கே வார்டு என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. தாராவி 'ஜி நார்த்', மாட்டுங்கா 'எஃப் நார்த்', செம்பூர் 'எம் வெஸ்ட்' என்கிறோமே, அவை மும்பை மாநகராட்சியின் நிர்வாக வார்டுகள். அலுவலகம் நடத்துவதற்காகப் பிரித்தவை. தேர்தலுக்கான வார்டுகள் வேறு. மும்பையில் அவை 227. ஒர்க் ஷீட் கேட்பது இந்தத் தேர்தல் வார்டைத்தான். பிள்ளை தன் வீட்டு முகவரியில் உள்ள எழுத்தை நினைத்துக்கொண்டு 'மாநகராட்சி அலுவலகம் இருக்கும் பகுதி' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

பழைய கைடுகளில் 'ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பகுதி' என்று இருக்கும். மும்பைக்கு இது சரி. நவி மும்பைக்கு இப்போது பொருந்தாது. 2026 ஜனவரியில் நடந்த தேர்தலில் இங்குள்ள 111 இடங்களும் 28 வார்டுகளாகத் தொகுக்கப்பட்டன. பெரும்பாலான வார்டுகளில் நான்கு உறுப்பினர்கள். அதனால் வாக்காளர்கள் நான்கு இடங்களுக்கும் ஓட்டுப் போட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் நான்கு முறை பொத்தானை அழுத்திவிட்டு வந்ததைக் கேட்ட பிள்ளை, 'ஒரு உறுப்பினர்' என்று படிக்கும்போது விழிக்கத்தான் செய்யும். எண்ணைச் சொல்லாமலே எழுதினால் இரண்டு ஊருக்கும் பொருந்தும்: *வார்டு என்பது தேர்தலுக்காகப் பிரிக்கப்பட்ட நகரத்தின் ஒரு பகுதி, அங்குள்ள வாக்காளர்கள் மாநகராட்சிக்குத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.*

மாமன்ற உறுப்பினருக்கும் இதே வழிதான். நாம் கார்ப்பரேட்டர் என்றும், மராட்டியர் நகர்சேவக் என்றும் சொல்லும் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் எம்.எல்.ஏ. 'மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி' என்று நிறுத்திவிட்டால் இருவருக்கும் பொருந்தும். *ஒரு வார்டு மக்களால் மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்* என்றால் எம்.எல்.ஏ. வெளியே போய்விடுவார்.

வாக்குரிமை

'எல்லோருக்கும் ஓட்டுரிமை' என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைக்காததற்கு அந்த 'எல்லோரும்' என்ற சொல்லே காரணம். பத்து வயதுக் குழந்தைக்கு ஓட்டு இல்லை. இங்கே வந்து வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கும் இல்லை. அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு சொல்வது வயது நிரம்பிய குடிமக்களை. அந்த வயது முதலில் 21 ஆக இருந்தது. 61ஆவது திருத்தத்தால் 1989 முதல் 18 ஆயிற்று. பிறகு 'வேறுபாடு இல்லாமல்' என்ற பகுதியும் வேண்டும். அது இல்லாவிட்டால் படித்தவர்களுக்கு மட்டும் ஓட்டு என்ற ஏற்பாட்டுக்கும் வரையறை பொருந்திவிடும். *18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் சாதி, மதம், பால், கல்வி, செல்வம் என்ற வேறுபாடு பாராமல் உள்ள வாக்களிக்கும் உரிமை* என்பது முழுமையான வரி.

நம் பிள்ளைகள் இந்த இடத்தில் வேறொன்றும் கேட்பார்கள். 'நாம திருநெல்வேலிக்காரங்கதானே, நமக்கு எப்படி இங்க ஓட்டு?' என்று ஒரு சிறுமி கேட்டாள். வாக்காளர் பட்டியலுக்குப் பிறந்த ஊரோ தாய்மொழியோ கணக்கில்லை. வழக்கமாக எங்கே குடியிருக்கிறோம் என்பதே கணக்கு. தாராவியிலிருந்து சான்பாடாவுக்குக் குடிமாறியவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு 8ஆம் எண் படிவம் இருக்கிறது. விடைத்தாளில் இது தேவையில்லை. ஆனால் பிள்ளை கேட்கும்போது வீட்டில் பதில் இருப்பது நல்லது.

இரண்டு வரி பதில்கள்

இரண்டு மதிப்பெண் என்றால் பெரும்பாலும் இரண்டு கருத்து. கேள்வியின் ஏவல் சொல் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். 'குறிப்பிடுக' என்றால் பெயர் போதும். 'வேறுபடுத்துக' என்றால் இரு பக்கமும் எழுத வேண்டும். 'ஏன்' என்றால் காரணம் வேண்டும்.

முதல் கேள்வி: மாநகராட்சியின் பணிகளில் ஏதேனும் இரண்டைக் குறிப்பிடுக. இதற்குப் பிள்ளைகள் போலீஸ், ரயில், மின்சாரம் என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு பேத்திக்கு இந்தக் கேள்வி வந்தபோது அவளுடைய ஆச்சி, "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே ஐயா, நான் எப்படிச் சொல்லிக் கொடுக்க?" என்றார். "வீட்டுக்கு என்னென்ன பில் வருது ஆச்சி?" என்று கேட்டேன். ஆச்சி விரல் விட்டு எண்ணினார். தண்ணீர் பில்லும் வீட்டு வரியும் மாநகராட்சி, கரண்ட் பில் மகாவிதரண், ரயில் பாஸ் ரயில்வே. கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிட்டது. மகாவிதரண் மாநில அரசின் நிறுவனம். ரயில் மத்திய அரசு. போலீஸ் மாநில அரசு. மாநகராட்சிக்கு மிஞ்சுவது தண்ணீர், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு போன்றவை. *மாநகராட்சி நகர மக்களுக்குக் குடிநீர் வழங்குகிறது. குப்பையை அகற்றி நகரத்தைத் தூய்மையாக வைக்கிறது.* இரண்டு வரி, இரண்டு மதிப்பெண். இரண்டு கேட்டால் இரண்டே எழுதட்டும். ஐந்து எழுதி முதலிரண்டில் ஒன்று தவறாகிவிட்டால், முதலிரண்டை மட்டும் திருத்தும் ஆசிரியரிடம் ஒரு மதிப்பெண் போய்விடும்.

இரண்டாம் கேள்வி: மேயரையும் ஆணையரையும் வேறுபடுத்துக. வழக்கமான தவறு, மேயர் எப்படி வருகிறார் என்று ஒரு வரியும், ஆணையர் என்ன செய்கிறார் என்று அடுத்த வரியும் எழுதுவது. அது ஒப்பீடு ஆகாது. ஒரே அளவுகோலை இருவருக்கும் வைக்க வேண்டும். *மேயரை மாமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆணையரை மாநில அரசு நியமிக்கிறது. மேயர் மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார். ஆணையர் நிர்வாகத்தை நடத்துகிறார்.* முதல் வரி வரும் வழி, இரண்டாம் வரி செய்யும் வேலை.

இந்த வேறுபாட்டை நவி மும்பை பல ஆண்டுகள் நேரிலேயே பார்த்தது. 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் ஐந்தாண்டு 2020 மே மாதத்தில் முடிந்தது. கொரோனாவாலும், பிறகு இடஒதுக்கீடு, வார்டு பிரிப்பு பற்றிய வழக்குகளாலும் தேர்தல் தள்ளிப்போனது. 2025இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபின், 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடந்தது. இடையில் மேயரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை. ஆணையரே நிர்வாகியாக இருந்தார். தண்ணீர் வந்தது, குப்பை வண்டியும் வந்தது. ஆனால் நம் வார்டுக்காக மாமன்றத்தில் எழுந்து கேள்வி கேட்க, நாம் தேர்ந்தெடுத்தவர் யாரும் இல்லை. 'பதவிக்காலம் எவ்வளவு?' என்று கேள்வி வந்தால் பிள்ளை ஐந்து ஆண்டு என்றே எழுத வேண்டும். சட்டம் சொல்வது அதுதான். நடந்தது வேறு என்பதையும் அவன் தெரிந்து வைத்திருக்கலாம்.

மூன்றாவது, படத்தில் வெட்டுப்பட்டிருந்த கேள்வி: மாநில அரசு இருக்கும்போது உள்ளாட்சி அமைப்பு ஏன் தேவை? 'ஏன்' என்ற கேள்விக்கு 'அது மிகவும் முக்கியமானது' என்று தொடங்கும் பதில் எதையும் சொல்வதில்லை. முதல் வரியில் காரணமும், இரண்டாம் வரியில் அதன் விளைவும் வரவேண்டும். தாராவியின் சந்துகளில் பொதுக் கழிப்பறை பெரிய கவலை. சான்பாடா செக்டர்களில் கவலைகள் வேறு. இதையே பொதுவாக்கினால்: *ஒவ்வொரு பகுதியின் தேவையும் வேறு, அங்கேயே வாழ்பவர்களுக்கே அது நன்றாகத் தெரியும். உள்ளாட்சி அமைப்பு அருகில் இருப்பதால் மக்கள் தங்கள் பிரதிநிதியை நேரில் அணுகிக் குறையைத் தீர்த்துக்கொள்ள முடிகிறது.*

தமிழில் சொல்லி ஆங்கிலத்தில் எழுதுவது

நம் பிள்ளைகளில் பலர் எழுதப்போவது ஆங்கிலத்தில். ஆனாலும் முதலில் தமிழில் சொல்லச் சொல்கிறேன். உருப்போட்ட வரி தமிழில் வராது. புரிந்தது மட்டுமே வரும். மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் இனத்தைக் குறிக்கும் சொல் கடைசியில் நிற்கிறது: '...உள்ளாட்சி அமைப்பு', '...வாக்களிக்கும் உரிமை'. ஆங்கிலத்தில் அது முன்னே வந்து, வேறுபாடு பின்னால் தொடரும். ஆகவே தமிழ் வரியின் கடைசிச் சொல்லை எடுத்து ஆங்கில வரியைத் தொடங்கச் சொல்லுங்கள். இது தெரியாத பிள்ளை தமிழ் வரிசையிலேயே எழுதத் தொடங்கி நடுவில் நின்றுவிடுகிறது. அல்லது 'எப்போது என்றால்' என்று ஆரம்பித்து, வரையறைக்குப் பதில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறது.

எழுதி முடித்ததும் படத்தை மறுபடி திறந்து, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே உள்ள மதிப்பெண்ணையும், எழுதிய கருத்துகளின் எண்ணிக்கையையும் ஒத்துப்பாருங்கள். நான்கு வரையறைக்கு நான்கு வரி, மூன்று கேள்விக்கு ஆறு வரி. பத்து மதிப்பெண்ணுக்குப் பத்து வரிதான். ஒரு பக்கம்கூட ஆகாது.